சரிக்காரர் கடைப் பலகை

தெருவில் அவரைச் சரிக்காரர் என்பார்கள். யார் என்ன சொன்னாலும் "சரி" என்பார். பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மாள் வைத்த பெயர் அது. வைப்பதற்கு முன்னால் அவரைச் சோதித்தும் பார்த்துவிட்டார்.

"அண்ணே, உங்க கடையை என் பேருக்கு எழுதி வெச்சிடுங்க."

"சரி."

"நாளைக்கே எழுதணும்."

"சரிம்மா."

"பேனா நான் கொண்டு வரவா, நீங்களே தருவீங்களா?"

இதற்கும் சரி என்றார். ஜெராக்ஸ் அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அவருடையது தையலுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிற கடை. குறுகலாக, உள்ளே நீண்டு போகும். இரண்டு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கிற பட்டனில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பார். சட்டையைக் கொண்டுவந்து ஒரு பட்டன் விழுந்துவிட்டது என்று சொன்னால், மற்ற பட்டன்களில் ஒன்றை விரலால் தொட்டுப் பார்ப்பார். எத்தனை துளை, விளிம்பு தடிமனா மெல்லிசா என்று பார்த்துவிட்டு நேராகப் போய் ஒரு இழுப்பறையை இழுப்பார். நூலுக்குத் துணி கொண்டுவந்தால் துணியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கருப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் அப்படித் தெரியாது. இவ்வளவும் முன்பு நடந்ததைப் போலவே இப்போதும் நடந்தது. தவறு ஒன்றும் வரவில்லை. கை தன் வேலையைச் செய்தது. ஆள் அதன் பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தார்.

மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் தரும் துணியை வட்டமாக வெட்டி, கை அச்சில் வைத்து அழுத்தி, துணி போர்த்திய பட்டன் செய்து கொடுப்பது அவள் வேலை. காலையில் பால் வாங்கி வைத்தவள் மதியம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எடுத்துக்கொண்டு போகிற வரை அவர் வந்தவர்களுக்கெல்லாம் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. அன்றைக்கு அழாதவர் பிறகு ஒரு நாள் உடைந்து அழுவார் என்று உறவினர்கள் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். ஒரே பக்கமாக உட்கார்ந்து மரத்துப்போன கால், எழுந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் சுருக்சுருக்கென்று குத்தி உயிர் பெறுமே, அந்தக் குத்தல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. துக்கம் பெரிதாக இருந்தால் மரத்துப்போகும் என்று சொல்கிறார்கள். அது உண்மையா, அல்லது துக்கம் இல்லாததற்கு நாம் கண்டுபிடித்துக்கொண்ட கௌரவமான காரணமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

"சரி" அதற்குப் பிறகு வந்ததுதான். சரி என்றால் எதிரே இருப்பவர் பேச்சை முடித்துக்கொள்வார். வேறு எந்த வார்த்தைக்கும் அந்த வசதி கிடையாது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். "அப்பா, தனியா எதுக்குக் கஷ்டப்படறீங்க. கடையை முடிச்சிட்டு இங்க வந்துடுங்க." சரி என்றார். அடுத்த வாரம், சரக்கை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்திருக்கிறார் என்றான். சரி. அதற்கடுத்த வாரம், அவருக்கென்று ஒரு அறையை ஒழித்துவிட்டதாகவும் மாதக் கடைசியில் வேன் கொண்டுவருவதாகவும் சொன்னான். அதற்கும் சரி. மகன்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவன் கேட்டான், இவர் சம்மதித்தார், அவன் ஏற்பாடு செய்தான். இப்படியாக ஒரு கடை, யாரும் மூடலாம் என்று தீர்மானிக்காமலே, மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

இதற்கு நடுவில்தான் மனைவியின் தங்கை மகள் வந்தாள். டிசைன் படித்துவிட்டு, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் பெயர்ப் பலகையும் அட்டைப்பெட்டியும் வடிவமைக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். ஜிப் வாங்க வந்தவள் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"பெரியப்பா, இந்த போர்டை மாத்திடலாமா? நானே செஞ்சு தரேன்."

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"அந்த எழுத்து..."

"சரி பாப்பா. மாத்திடு."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு ஜிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாள் கழித்து, அவர் உள்ளே லைனிங் துணி அளந்துகொண்டிருந்தபோது, நூல் தட்டில் ஒரு கவரை வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு, நூல் பார்ப்பதுபோலவே, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் படித்தார்.

*அன்புள்ள பெரியப்பாவுக்கு,*

*நேரில் சொன்னால் நான் முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிடுகிறீர்கள். காகிதத்துக்கு நடுவில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.*

*உங்கள் பலகை கெட்ட பலகை இல்லை. அது வேறு ஒரு சாலைக்காக எழுதியது. அப்போது ஜனங்கள் உங்கள் வாசலை ஒட்டி நடந்து போயிருப்பார்கள். இப்போது சாலையை அகலப்படுத்தி நடுவில் தடுப்பு வைத்துவிட்டார்கள், பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. நின்று படிக்கிறவருக்குப் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் எழுத்து வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. பஸ் நிறுத்தம் எண்பதடி. உங்கள் எழுத்து ஐந்து அங்குலம். வண்டியில் போகிறவருக்கு இன்னும் பெரிதாக வேண்டும். படிக்கத் தொடங்கும்போதே அவர் பாதி கடந்துவிடுகிறார்.*

*நிறம். பச்சையில் சிவப்பு. கிட்டத்தில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தி. போட்டோ எடுத்து நிறத்தை நீக்கிப் பார்த்தேன் (படம் இணைத்திருக்கிறேன்). பாருங்கள், எழுத்தே இல்லை, ஒரே சாம்பல். கண் தூரத்தில் எழுத்தைப் பிரிப்பது நிறத்தை வைத்து இல்லை, வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து. போதாததற்கு, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு உங்கள் கடைக்குப் பெயரே கிடையாது.*

*எழுத்து. கோடு மிகத் தடிமன், அதன்மேல் கருப்பு நிழல் வேறு. தமிழ் எழுத்தில் உள்ளே இருக்கிற வெற்றிடம்தான் எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ன, ள, ற இவற்றின் சுழிக்குள் பெயின்ட் நிறைந்துவிட்டதால் தூரத்தில் எல்லாம் ஒரே உருண்டையாகத் தெரிகிறது. புள்ளிகள் நிழலோடு ஒட்டிக்கொண்டன. "விற்பனை", "நிலையம்" இரண்டிலும் துதிக்கை வைத்த பழைய னையும் லையும் இருக்கின்றன. எனக்கு அவை பிடிக்கும். ஆனால் என் வயதுக்காரர்கள் அங்கே ஒரு நொடி தடுக்கி விழுகிறார்கள். பஸ்ஸில் போகிறவரிடம் ஒரு நொடிதான் இருக்கிறது.*

*இடைவெளி. எழுதியவர் இடது பக்கம் தாராளமாகத் தொடங்கி, போகப் போக இடம் போதாமல், கடைசி வார்த்தையைப் பஸ்ஸில் ஏற்றுவதுபோல் நெருக்கித் தள்ளியிருக்கிறார். வரியும் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்குகிறது. கோடு போடாமல் எழுதினாரோ என்னவோ.*

*எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், சொல்லும் வரிசை. "தையல் பொருட்கள் விற்பனை நிலையம்" என்று ஐந்து அங்குலத்தில். கீழே ஓர் அங்குலத்தில் "நூல், பட்டன், ஜிப், லைனிங்". யாரும் விற்பனை நிலையத்தைத் தேடி வருவதில்லை, பெரியப்பா. பட்டனைத் தேடித்தான் வருகிறார்கள். கடை என்றால் விற்கத்தான் செய்யும். அதனால் "பட்டன் நூல் ஜிப்" மேலே பெரிதாக. மற்றதெல்லாம் கீழே சிறிதாக. வெளிர் மஞ்சள் தகட்டில் கருநீலம். பளபளப்பு இல்லாத தகடு, ஏனென்றால் உங்கள் கடை மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் பளபளப்பில் பட்டால் பலகை கண்ணாடி ஆகிவிடும்.*

*இதை நம்ப வேண்டாம். எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். ஆனால் நீங்கள் பார்த்தால் உங்களுக்குப் படிக்க வரும், ஏனென்றால் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும். பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள்.*

*கடைசியாக ஒன்று. மாதக் கடைசியில் கடையை மூடுவதாக அண்ணனிடம் சரி என்று சொன்னீர்களாம். அம்மா சொன்னார்கள். என்னிடம் பலகையை மாற்றவும் சரி என்றீர்கள். இரண்டும் சேர்ந்து நடக்காது. மூடப்போகிற கடைக்குப் புது எழுத்து வேண்டாம், பழையதே போதும். எது என்று நீங்கள் சொன்னால்தான் நான் தகடு வாங்குவேன்.*

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து மறுபடி கவருக்குள் வைத்தார். எல்லாம் உண்மை என்று தோன்றியது. உண்மை என்பதால் வலிக்கும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தார். அந்தப் பலகையை எழுதியவர் அவர்தான். அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

கடை தொடங்கிய புதிதில், எழுதுகிறவர் கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு, "இதென்ன பெரிய வித்தை, நானே எழுதிடுவேன்" என்று மனைவி முன்னால் வீரம் பேசி, மூன்று டப்பா எனாமல் பெயின்ட் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர் என்பது அவருடைய நம்பிக்கை. கையெழுத்தும் பலகை எழுத்தும் ஒன்றல்ல என்பது மூன்றாவது எழுத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் பெயின்ட் பட்டுவிட்டது.

மறுநாள் மதியம் கதவைப் பாதி சாத்திவிட்டுச் சாலையைக் கடந்தார். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. உள்வழியாக வருவார், உள்வழியாகப் போவார். அவர் எதிர்ப்பக்கம் போக வேண்டிய காரியம் எதுவும் பல வருடமாக வந்ததில்லை. தடுப்பில் ஆள் நுழைகிற இடைவெளி எங்கே என்றுகூடத் தேட வேண்டியிருந்தது.

நிறுத்தத்தில் நின்று பார்த்தார். படிக்க வந்தது. அவள் சொன்னதுபோலத்தான். கண் படிக்கவில்லை, ஞாபகம் படித்தது. பக்கத்தில் காதில் இயர்போன் மாட்டிய ஓர் இளைஞன் நின்றான்.

"தம்பி, அந்தக் கடை என்ன கடைன்னு தெரியுமா?"

"எந்தக் கடை?"

"அந்தப் பச்சை போர்டு."

இளைஞன் கண்ணைச் சுருக்கினான். "பெயின்ட் கடையா இருக்கும் சார். போர்டுலயே சாம்பிள் அடிச்சு வெச்சிருக்காங்க."

பெஞ்சில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். "எனக்கென்னவோ சீட்டுக் கம்பெனி மாதிரி தெரியுது. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாம்மா."

"நான் ஒரு ஜிப்புக்காக மார்க்கெட் வரைக்கும் போறேன், பாருங்க. இந்த ஏரியாவுல ஒரு கடை கிடையாது." பையிலிருந்து ஒரு பாவாடையின் ஓரம் எட்டிப் பார்த்தது. சாம்பல் நிறம். எட்டு அங்குல ஜிப். இடது சுவர், மேலிருந்து நாலாவது வரிசை. அவருக்கு அது பார்த்தவுடனே தெரிந்தது.

"கடை அதோ இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. வெட்கத்தால் என்றும் சொல்ல முடியாது. வெட்கமாவது ஓர் உணர்ச்சி. வார்த்தை உள்ளேயிருந்து கிளம்பவே இல்லை, அவ்வளவுதான். பஸ் வந்தது. பெண்மணி ஏறிக்கொண்டார். இளைஞனும் போனான். காலியான பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரி இறங்கத்தான் செய்தது. இடது முனைக்கும் வலது முனைக்கும் நடுவில் இரண்டு விரல்கடை வித்தியாசம். கோடு போடாமல் எழுதினாரோ என்னவோ என்று எழுதியிருந்தாள். கோடு போட்டார்கள்தான். பலகையைக் கொல்லையில் சுவரில் சாய்த்து, கீழே செங்கல் அடுக்கி, மேல் விளிம்பில் மட்டம் பார்த்து நிறுத்தியது அவர். கோட்டுக்கு அளவு எடுத்தது மனைவி. சாக்குக்கட்டி தேய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துத் தெறித்தார்கள். நேரான நீலக் கோடு விழுந்தது. எழுதி, காய்ந்து, மாட்டிய பிறகுதான் சாய்வு தெரிந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அவள் பாவாடைக்கு ஓரம் மடிக்கிறவள். ஓரத்தை இடுப்பிலிருந்து அளக்கக்கூடாது, தரையிலிருந்து மேல்நோக்கி அளக்க வேண்டும். அப்போதுதான் சுற்றிலும் சமமாக நிற்கும். அதே பழக்கத்தில் பலகைக்கும் தரையிலிருந்து அளந்துவிட்டாள். கொல்லைத் தரை சாக்கடைப் பக்கம் சரிவு.

"பலகை மேலே போய்டிச்சு, தரை கீழேயே இருக்கு. நான் என்ன பண்றது?" என்று அவள் கேட்டாள். அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள்.

அது நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் கையில் இருந்த நீலப் பொடிகூட ஞாபகம் இருந்தது. ஆனால் வேறு யாருடைய வீட்டு ஆல்பத்தையோ புரட்டுவதுபோல் இருந்தது. அடுத்த பஸ் வந்து மறைத்தது. எழுந்து கடைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை அவள் இரண்டு காகிதச் சுருள்களோடு வந்தாள். அசல் அளவில் அச்சடித்தது. எழுத்து பதினோரு அங்குலம். ஜெராக்ஸ் அம்மாளின் ஏணியை வாங்கி, பழைய பலகையின் மேலேயே டேப் போட்டு ஒட்டினாள்.

"நீங்க சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லல. இருந்தாலும் பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு கொண்டு வந்தேன்" என்றாள்.

ஜெராக்ஸ் அம்மாளும் சேர்ந்து மூவரும் எதிர்ப்பக்கம் போனார்கள். முதல் காகிதத்தில் எழுத்து தடிமனாக, உருண்டையாக இருந்தது. பிறகு அவளே ஓடிப்போய் இரண்டாவதை ஒட்டினாள். அதில் கோடு கொஞ்சம் மெலிந்து, சுழிகள் திறந்திருந்தன.

"மொத பேப்பர்ல 'நூ'வைப் பாருங்க பெரியப்பா. வாலும் வயிறும் ஒட்டிக்குது. ரெண்டாவதுல உயரத்துல ஆறுல ஒரு பங்குதான் கோடு. புள்ளியைக் கோட்டு அகலத்துக்கே வெச்சு, எழுத்துலேருந்து ஒரு கோட்டு இடம் விட்டுத் தள்ளியிருக்கேன். நாலு புள்ளியும் தனித்தனியாத் தெரியுதா? எது நல்லாருக்கு?"

"சரி."

"எதுன்னு கேட்டேன்."

"ரெண்டும் சரிதான்."

"ரெண்டுக்கும் சரின்னா உங்க சரிக்கு என்ன அர்த்தம்?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் அம்மாள் நடுவில் புகுந்தார். "கோச்சுக்காத பாப்பா. உங்க பெரியப்பா எமன் வந்து கூப்பிட்டாலும் சரின்னுதான் சொல்வாரு. எமன்தான் குழம்பிப் போவான், இந்த ஆள் வராரா இல்லையான்னு."

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பழைய போர்டு எழுதின ஆளாவது பரவாயில்லை. தப்பா எழுதினாலும் ஏதோ ஒண்ணை வேணும்னு நெனைச்சு எழுதியிருக்கான்."

"நான்தான் எழுதினேன்" என்றார் அவர்.

கடிதத்தில் எழுதிய ஒவ்வொன்றும் அவள் முகத்தில் வந்து வந்து போயிற்று. "பஸ்ஸில் ஏத்தற மாதிரின்னு எழுதிட்டேனே..."

"ஏத்தற மாதிரிதான் இருக்கு."

"கோடு போடலைன்னு..."

"போட்டோம். உங்க பெரியம்மாதான் அளவு எடுத்தா." கொல்லையையும் செங்கல்லையும் தரையின் சரிவையும் அவர் சொன்னார். சரக்கு விலை சொல்கிற அதே குரலில் சொன்னார். ஜெராக்ஸ் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, போர்டுக்குப் பாவாடை அளவா!" அந்தப் பெண்ணும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருக்கிறது என்பதுபோல.

திங்கட்கிழமை மாலை அவள் மூன்றாவது சுருளோடு வந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முகத்தில் ஒரு வேகம் இருந்தது. கல்லாமேல் விரித்தாள். இரண்டாவது காகிதத்தில் இருந்த அதே எழுத்து. ஆனால் வரி இடமிருந்து வலமாக இரண்டு விரல்கடை இறங்கியது.

"பழைய போர்டை அளந்து, அதே சாய்வு வெச்சிருக்கேன். படிக்கறதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, பாத்துட்டேன். மத்ததெல்லாம் மாறும், பெரியம்மா போட்ட கோடு மட்டும் அப்படியே இருக்கும். வேற யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. வேலை சுத்தம். அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்ற வார்த்தை வழக்கம்போல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள், பேச்சு முடிந்துவிடும்.

"வேண்டாம்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன பெரியப்பா?"

"இது வேண்டாம்." கையைக் காகிதத்தின் வலது முனையில், வரி இறங்கி நிற்கிற இடத்தில் வைத்தார். "அவ தரையிலேருந்து அளந்தா. அந்தத் தரை அப்படி இருந்துச்சு. அவளுக்கு இது நேர் கோடுதான். நீ எதுலேருந்து அளந்து இதைச் சாய்ச்ச?"

"பழைய போர்டுலேருந்து."

"அதான். அவ பண்ணினது தப்பு. நீ பண்ணினா அது தப்புகூட இல்ல, நடிப்பு." கொஞ்சம் யோசித்தார். இவ்வளவு நீளமாகப் பேசி நாளாயிற்று. அடுத்த வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது. "அவ இருந்தா முதல்ல அவதான் சொல்வா, நேரா எழுதுங்கன்னு. அந்தச் சாய்வைப் பார்த்தாலே அவளுக்குக் கை பரபரக்கும். ரெண்டாவதா ஒட்டினியே, சுழி திறந்து இருந்தது, அதை நேரா எழுது."

அவள் காகிதத்தைச் சுருட்டினாள். ஏமாற்றம் இருந்தது, மறைக்கவில்லை. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"அப்போ தகடு வாங்கட்டுமா?"

கேள்வி தகட்டைப் பற்றியது இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"வாங்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான். வேன்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றார். இரண்டாவது தடவை எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார், இல்லை.

"என்னாச்சுப்பா? உடம்பு ஏதாவது?"

"உடம்பு நல்லாருக்கு. கடை இருக்கட்டும்."

"போன வாரம் சரின்னீங்களே."

"சொன்னேன். நீ சொன்னதைக் காதுல வாங்கிட்டுச் சொல்லல. உன்மேல தப்பில்ல."

மகன் கோபப்பட்டான். அறையை ஒழித்தது, சரக்குக்காரரிடம் வாக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், "அந்த ரூம்ல ஒரு பாய் போட்டு வை. லீவுக்கு வரேன்" என்றார். அவன் போனை வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு அழைப்பானா என்று தெரியவில்லை. அந்தத் தெரியாமை கொஞ்ச நேரம் உறுத்தியது. உறுத்துகிறது என்பதை அவர் கவனித்தார்.

தகடு தயாராகி வந்த அன்று மாட்டுகிறவர் தனியாக வந்தார். உதவிக்கு வரவேண்டியவர் வரவில்லை என்று அவர் புலம்ப, இருவருமாகப் பழைய பலகையின் ஆணிகளைக் கழற்றி அதைக் கீழே இறக்கினார்கள். சுவரில் பச்சைக்குப் பின்னால் இருந்த இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு நிறத்தில் நீள்சதுரமாகத் தெரிந்தது.

"சார், அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க." மாட்டுகிறவர் சாக்குக்கட்டி தேய்த்த நூலின் ஒரு முனையை நீட்டினார். இடது பக்கம் அவர் ஏணியில். வலது பக்கம் இவர் ஸ்டூலில்.

"மட்டக்குழாயைப் பாத்துட்டுதான் சொல்றேன். கொஞ்சம் தூக்குங்க சார். இன்னும். போதும் போதும், அசையாதீங்க."

நூல் தெறித்தது. சுவரில் நீலக் கோடு விழுந்தது. சரிக்காரர் இறங்கி வந்து கையைப் பார்த்தார். இரண்டு விரலில் நீலம். வேட்டியில் துடைக்கப் போனவர் துடைக்காமல் நின்றார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்காரன் கறை படிந்த வேட்டியோடு நிற்கக்கூடாது என்று மனைவி சொல்வாள். உள்ளே போய்க் கை கழுவினார். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் சற்று நேரம் நின்றார்.

வெளியே வந்தபோது மாட்டுகிறவர் பழைய பலகையைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை என்ன சார் பண்றது? நல்ல கெட்டித் தகரம். வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

"இருக்கட்டும். உள்ள லைனிங் துணி அடுக்கற இடத்துல தரை ஈரமா இருக்கு. அடியில போடலாம்."

"எழுத்து மேலயா, கீழயா?"

"கீழ. பெயின்ட் துணியில ஒட்டிக்கும்."

இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு போய் எழுத்துப் பக்கம் தரையைப் பார்க்கப் போட்டார்கள். அளவு கொஞ்சம் கூடுதல். ஒரு மூலை சுவரில் இடித்தது. நிமிர்த்தி மறுபடி வைத்தார்கள். அவர் துணிக் கட்டுகளை அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்.

பாதி அடுக்கியிருப்பார். வாசலில் யாரோ ஒருவர், இதற்கு முன்பு வந்தவரில்லை, பையைத் தோளில் மாற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இங்க ஜிப் கிடைக்குமா? பஸ்லேருந்து பார்த்தேன்."

"கிடைக்கும்" என்றார். "என்ன நீளம் வேணும்? துணியைக் காட்டுங்க, வெளிச்சத்துக்கு வாங்க."